பெரியம்மா வீட்டுக் கணினித் திரை

பெரியம்மா: எல்லோருக்கும் வணக்கம். கணினி மேசையில் ஏறிவிட்டது. திரை 22 அங்குலம் என்றார்கள். பெரிதாகத்தான் இருக்கிறது, ஆனால் எழுத்து மங்கலாகத் தெரிகிறது. கோவில் கணக்கு எழுத உட்கார்ந்தால் ‘க’ எது, ‘க்’ எது என்று புரியவில்லை. கண்ணாடியைத் துடைத்தும் பார்த்துவிட்டேன்.

சித்தப்பா: மதினி, வெளிச்சம் போதவில்லை. பிரைட்னஸைக் கூட்டுங்கள். கீழே வலது மூலையில் பேட்டரிப் படத்தின் மேல் தட்டினால் ஒரு சூரியன் வரும். அதன் கோட்டை வலப்பக்கம் இழுங்கள், அவ்வளவுதான்.

பெரியம்மா: தட்டினேன். ஒலியைக் கூட்டுகிற கோடு மட்டும் இருக்கிறது. சூரியனும் இல்லை, பேட்டரியும் இல்லை.

ராஜி அத்தை: என் லேப்டாப்பிலும் இதே கோளாறுதான் மதினி! சாயங்காலம் ஆனால் திரை முழுவதும் மஞ்சளாகிவிடுகிறது. திரையையே மாற்ற வேண்டும் என்கிறார் கடைக்காரர்.

வள்ளி: அத்தை, உங்களுடையது வேறு விஷயம். கடைக்காரருக்குப் பணம் கொடுத்துவிடாதீர்கள், வருகிறேன். பெரியம்மா, திரையில் ஒன்றுமில்லாத வெற்று இடத்தில் மவுஸின் வலது பொத்தானை அழுத்துங்கள். ஒரு பட்டியல் விரியும். அதில் Display settings என்பதைத் திறந்து, போனில் படம் எடுத்து இங்கே போடுங்கள்.

பெரியம்மா: [படம்]

வள்ளி: Display resolution என்ற வரியில் 1366 × 768 என்று இருக்கிறதே! இந்தத் திரைக்கு 1920 × 1080 இருக்க வேண்டும். யார் மாற்றியது?

அருண்: நான்தான். எழுத்து பொடியாக இருக்கிறது என்று அப்பத்தா சொன்னார். அதைக் குறைத்ததும் எல்லாம் பெரிதாகிவிட்டது. அதில் என்ன தவறு?

வள்ளி: பெரிதானது உண்மைதான். 1920-ஐ 1366-ஆல் வகுத்துப் பார், 1.4 வரும். ஒரு புள்ளியில் வரைய வேண்டியதை 1.4 புள்ளியில் வரையச் சொல்லியிருக்கிறாய். ஆனால் திரையில் உள்ள புள்ளிகள் தொழிற்சாலையிலேயே பதிக்கப்பட்டவை. அகலத்தில் 1920, உயரத்தில் 1080. அவை கூடாது, குறையாது. புள்ளி வைத்து முடித்த வாசலில் வேறு புள்ளிக் கணக்கில் ஒரு கோலத்தைப் போடச் சொன்னால் கோடு புள்ளிக்கு நடுவில்தானே போய் நிற்கும்? அரைப் புள்ளியை ஏற்ற முடியாததால், பக்கத்துப் புள்ளிக்குச் சாம்பல் நிறத்தைக் கொடுத்துத் திரை சமாளிக்கிறது. பெரியம்மா பார்க்கிற மங்கல் அந்தச் சாம்பல்தான். மெய்யெழுத்தின் மேலுள்ள புள்ளி இருப்பதிலேயே சிறியது, அதனால் முதலில் அதுதான் கரைந்துபோகும்.

சித்தப்பா: அதனால்தான் நான் பிரைட்னஸ் என்றேன்.

வள்ளி: இல்லை சித்தப்பா. பிரைட்னஸ் திரைக்குப் பின்னால் எரிகிற விளக்கை மட்டும் கூட்டும், குறைக்கும். மங்கிய எழுத்தில் வெளிச்சத்தைக் கூட்டினால், வெளிச்சமான மங்கல் எழுத்துதான் கிடைக்கும். பெரியம்மா, அந்த வரியில் தட்டி 1920 × 1080-ஐத் தேர்ந்தெடுங்கள். பக்கத்தில் Recommended என்று போட்டிருக்கும்.

பெரியம்மா: தேர்ந்தெடுத்தேன். திரை ஒரு முறை கறுத்து வந்தது. ஏதோ ஆங்கிலத்தில் கேட்டது. நான் படித்துக்கொண்டிருக்கும்போதே பழையபடி ஆகிவிட்டது. கெடுத்துவிட்டேனா?

வள்ளி: கெடவில்லை. 15 விநாடிக்குள் Keep changes என்பதை அழுத்தாவிட்டால் அது தானாகவே பழைய அளவுக்குத் திரும்பிவிடும். திரைக்கு ஒத்துவராத அளவைத் தேர்ந்தெடுத்து ஒன்றுமே தெரியாமல் போனாலும் ஆள் மாட்டிக்கொள்ளக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. அப்படி ஆனால் எதையும் தொடாமல் சும்மா இருந்தால் போதும். இப்போது மறுபடி செய்து, கேட்டவுடன் அழுத்துங்கள்.

பெரியம்மா: அழுத்திவிட்டேன். அம்மாடி, புள்ளியெல்லாம் கண்ணில் தெரிகிறது! ஆனால் வள்ளி, எழுத்து மறுபடி பொடியாகிவிட்டது. அருண் பாவம், இதற்காகத்தான் மாற்றினான்.

அருண்: பார்த்தீர்களா?

வள்ளி: நோக்கம் சரி, வரிதான் தவறு. resolution-க்கு மேலே Scale என்று ஒரு வரி இருக்கிறது பெரியம்மா. இப்போது 100% என்று இருக்கும். 150% வைத்துப் பாருங்கள். இதற்கு 15 விநாடிக் கேள்வி வராது, உடனே மாறும்.

சித்தப்பா: அதுவும் பெரிதாக்குகிறது, இதுவும் பெரிதாக்குகிறது. இரண்டும் ஒன்றுதானே?

வள்ளி: கைக்குக் கிடைக்கிற அளவில் ஏறக்குறைய ஒன்றுதான், வழிதான் வேறு. அருண் செய்ததில் கணினி சிறிய படமாக வரைந்து கொடுத்தது, திரை அதை இழுத்து நிரப்பியது. Scale-இல் கணினி எழுத்தைத் தொடக்கத்திலிருந்தே பெரிய அளவில் வரைகிறது. 1920 புள்ளியும் முழுதாக வேலை செய்கின்றன. எங்கள் அச்சகத்தில் சிறு படத்தைப் பெரிதாக்கிச் சுவரொட்டிக்குக் கொடுப்பவர்களிடம் தினமும் நான் போடுகிற சண்டை இதுதான்.

பெரியம்மா: 150% வைத்தேன். எழுத்து அருமையாக இருக்கிறது. ஆனால் கணக்குத் தாளில் ‘மீதம்’ என்ற கடைசிப் பத்தி திரைக்கு வெளியே போய்விட்டது. நகர்த்தி நகர்த்திப் பார்க்க வேண்டியிருக்கிறது.

வள்ளி: அதுதான் இதற்கு நாம் கொடுக்கிற விலை. எழுத்து ஒன்றரை மடங்கானால், அதே திரையில் இடம் அந்த அளவுக்குக் குறையும். 125% போட்டுப் பாருங்கள்.

பெரியம்மா: மீதம் வந்துவிட்டது. எழுத்தும் படிக்க முடிகிறது. மேலே உள்ள பட்டியல் எழுத்துகள் மட்டும் இன்னும் கொஞ்சம் பெரிதாக இருந்தால் தேவலை.

வள்ளி: அதற்குத் தனி வழி உண்டு. Settings-இல் Accessibility, அதற்குள் Text size. அது படங்களையும் பொத்தான்களையும் விட்டுவிட்டு எழுத்தை மட்டும் வளர்க்கும். 110% அளவில் நிறுத்திக்கொள்ளுங்கள். அதிகமாகப் போனால் சில இடங்களில் சொல் பாதியில் வெட்டுப்படும்.

சித்தப்பா: எல்லாம் சரி, பிரைட்னஸ் எங்கே என்று யாருமே சொல்லவில்லை. என் லேப்டாப்பில் இருக்கிற சூரியன் மதினி கணினியில் ஏன் இல்லை?

வள்ளி: உங்கள் லேப்டாப்பில் திரையும் கணினியும் ஒரே உடம்பு, அதனால் விளக்கைக் கணினியே குறைக்கிறது. பெரியம்மாவுடையது தனித் திரை. விளக்கின் பிடி அதனிடமே இருக்கிறது. பெரியம்மா, திரையின் அடிச்சட்டத்தில், இல்லையென்றால் முதுகுப்பக்கம், விரலால் தடவிப் பாருங்கள். சிறு பொத்தான்கள் இருக்கும்.

பெரியம்மா: அடியில் இருக்கின்றன. ஒன்றை அழுத்தினேன், திரையே அணைந்துவிட்டது.

அருண்: அது திரையின் பவர் பொத்தான் அப்பத்தா. மறுபடி அழுத்துங்கள், கணினிக்கு ஒன்றும் ஆகாது.

பெரியம்மா: வந்துவிட்டது. பக்கத்துப் பொத்தானில் ஒரு பட்டியல். Brightness 100, Contrast 75.

வள்ளி: 100 மிக அதிகம், சாயங்காலம் கண் எரியும். ஒரு வெள்ளைத் தாளைத் திரைக்குப் பக்கத்தில் பிடியுங்கள். திரையின் வெள்ளை தாளைவிடப் பளிச்சென்று அடித்தால் குறையுங்கள். தாளும் திரையும் ஏறக்குறைய ஒரே வெள்ளையாகத் தெரியும் இடத்தில் நிறுத்துங்கள். பகலுக்கு ஒரு எண், இரவுக்கு ஒரு எண் வரும், அது இயல்புதான்.

பெரியம்மா: இந்த அறையில் 45 வந்தது. கண்ணுக்கு இதமாக இருக்கிறது.

சித்தப்பா: கான்ட்ராஸ்டை மட்டும் 100 வைத்துவிடுங்கள் மதினி. கறுப்பு கறுப்பாகவும் வெள்ளை வெள்ளையாகவும் தெரியும். டிவியில் நான் அப்படித்தான் வைத்திருக்கிறேன்.

பெரியம்மா: வைத்தேன். எழுத்து பளிச்சென்றுதான் இருக்கிறது. ஆனால் கணக்குத் தாளில் கட்டங்களைப் பிரிக்கிற கோடுகளைக் காணோம்! வெறும் வெள்ளையாக இருக்கிறது.

வள்ளி: சித்தப்பா சொன்னதில் பாதி சரி. கான்ட்ராஸ்ட் குறைவாக இருந்தால் வெள்ளை அழுக்காகத் தெரியும், கூட்டினால் தெளியும். ஆனால் ஓர் எல்லைக்கு மேல் வெளிர் சாம்பலும் வெள்ளையோடு சேர்ந்துவிடும். கட்டக் கோடுகள் வெளிர் சாம்பல், அதனால் காணாமல் போயின. எண்ணை நம்பாதீர்கள், கோட்டைப் பாருங்கள். மெல்ல இறக்கி, கோடு திரும்பி வருகிற இடத்தில் விடுங்கள்.

பெரியம்மா: 80-இல் லேசாக வந்தது, 75-இல் நன்றாகத் தெரிகிறது. அப்படியானால் முதலில் இருந்ததே சரி.

சித்தப்பா: டிவியில் கோடு இல்லை, அதனால் எனக்குத் தெரியவில்லை. இருக்கட்டும், எனக்கு ஓர் உதவி வேண்டும். நீங்கள் பேசிக்கொண்டிருக்கும்போது என் லேப்டாப்பின் Settings-இல் contrast என்று தேடி, வந்ததை அழுத்திவிட்டேன். திரை முழுவதும் கறுப்பு, எழுத்தெல்லாம் வெள்ளை, இடையில் வேறு ஏதேதோ நிறம். திரும்ப வர வழி தெரியவில்லை.

அருண்: சித்தப்பா தாத்தா 😄

வள்ளி: சிரிக்காதே, இது பலருக்கும் நடப்பதுதான். அது Contrast themes, சித்தப்பா. பார்வை குறைந்தவர்களுக்காக நிறங்களையே மாற்றிப்போடுகிற வசதி. திரையின் கான்ட்ராஸ்டுக்கும் அதற்கும் தொடர்பில்லை. அதே பக்கத்தில் None என்பதைத் தேர்ந்தெடுத்து Apply அழுத்துங்கள். பெரியம்மா திரையில் இருப்பதுபோல் ஒரு கான்ட்ராஸ்ட் கோடு விண்டோஸின் அந்தப் பக்கத்தில் கிடையாது.

சித்தப்பா: வந்துவிட்டது. ஆனாலும் அந்தக் கறுப்பில் எழுத்து நன்றாகத் தெரிந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ராஜி அத்தை: என்னை எல்லோரும் மறந்துவிட்டீர்கள்.

வள்ளி: மறக்கவில்லை அத்தை. நீங்களும் Display settings-ஐத் திறங்கள். Night light என்று ஒரு வரி இருக்கும். சூரியன் மறைந்தால் தானாக எரியும்படி அது வைக்கப்பட்டிருந்தால் திரை மஞ்சளாகும். நீலத்தைக் குறைத்துக் காட்டுகிற ஏற்பாடு, திரைக்கு ஒரு கேடும் இல்லை. அணைத்துவிட்டு, அதற்குள் இருக்கிற Schedule-ஐயும் அணையுங்கள். இல்லையென்றால் நாளைச் சாயங்காலம் மறுபடி வரும்.

ராஜி அத்தை: அணைத்தேன், வெள்ளையாகிவிட்டது! நாளைக்குக் கடைக்காரரிடம் போகிறேன், திரை வாங்குவதற்கு அல்ல.

பெரியம்மா: வள்ளி, ஒன்று மட்டும் பாக்கி. கோவில் ரசீது போடுகிற பழைய மென்பொருளைத் திறந்தால் அதில் மட்டும் எழுத்து இன்னும் மங்கலாக இருக்கிறது. மற்ற எல்லாம் தெளிவு.

வள்ளி: அது Scale என்ற ஒன்றை அறியாத காலத்து மென்பொருளாக இருக்கும். 125% அளவில் வரைய அதற்குத் தெரியாது. விண்டோஸே அதைப் படமாக இழுத்துப் பெரிதாக்கும், அருண் செய்ததுபோலவே. முதலில் கணினியிலிருந்து ஒரு முறை வெளியேறி மறுபடி உள்ளே வாருங்கள், சில அதிலேயே சரியாகும்.

பெரியம்மா: செய்தேன். அப்படியேதான் இருக்கிறது.

வள்ளி: அப்படியானால் அந்த மென்பொருளின் படத்தில் வலது பொத்தானை அழுத்தி, Properties, அதில் Compatibility, அதற்குள் Change high DPI settings. அங்கே அதைத் தன் சொந்த அளவில் வரையச் சொல்லலாம். தெளிவாகும், ஆனால் அதில் மட்டும் எழுத்து பொடியாகிவிடலாம்.

பெரியம்மா: Properties வருகிறது. Compatibility என்று எதையும் காணோம்.

அருண்: குறுக்குவழிப் படத்தில் சில நேரம் அது வராது. மென்பொருள் இருக்கிற கோப்புறையைத் திறந்துதான் பார்க்க வேண்டும்.

வள்ளி: ஆமாம், அது போனில் சொல்லிப் புரியவைக்கிற வேலை இல்லை. இங்கே அச்சகத்தில் அச்சுத் தட்டு இறங்கப் போகிறது, நான் இரவில் வருகிறேன். அதுவரை ரசீது போட வேண்டியிருந்தால் Scale-ஐ 100% ஆக்கிப் போட்டுவிட்டு, முடிந்ததும் 125%-க்குத் திரும்பிவிடுங்கள் பெரியம்மா.

பெரியம்மா: இன்றைக்கு மூன்று ரசீதுதான். கையாலேயே எழுதிவிடுகிறேன்.