புதுப்பிப்பு: கீதை 6.12-இல் எது முதலில்?

“சுலோகத்தில் ‘செய்து’ என்னும் ‘க்ருத்வா’ முன்னாடி வருதே, தமிழாக்கத்திலும் மனதைக் குவித்து, அப்புறம் உட்கார்ந்து என்றே எழுதணுமா?” (போன வாரம் நான் கேட்டது)

கல்லிடைக்குறிச்சியில் ஓய்வுபெற்ற சம்ஸ்கிருத வாத்தியாரைப் பார்த்தேன். ‘க்ருத்வா’, ‘அமர்ந்து’ என்னும் ‘உபவிச்ய’ இரண்டும் ‘பயில வேண்டும்’ என்னும் ‘யுஞ்ஜ்யாத்’துக்கு முந்தியவை; அவற்றுக்குள் எது முதலில் என்பதைப் பொருள்தான் சொல்லும், சொல்வரிசை அல்ல என்றார். ஆனால் தமிழில் “சாப்பிட்டு, குளித்து, கிளம்பினான்” என்றால் சாப்பாடுதான் முதலில். அதனால் “இருக்கையில் அமர்ந்து, மனதை ஒருமுகப்படுத்தி, யோகம் பயில வேண்டும்” என்று மாற்றிவிட்டேன்.

போன வாரக் கேள்விக்கு “மூல வரிசையைத் தொடாதீங்க” என்று பதில் எழுதிய அண்ணாச்சி சொன்னது கீதை 1.2-க்குப் பொருந்தும், அங்கே சொல்வரிசையே நடந்த வரிசை: ‘த்ருஷ்ட்வா’, ‘உபஸங்கம்ய’, ‘அப்ரவீத்’. கண்டு, அணுகி, சொன்னான்.

அங்கேயே முதுகுவலிக்கு ஆசனம் கேட்ட அக்காவுக்கு: இங்கே ஆசனம் என்றால் தர்ப்பை, தோல், துணி விரித்த இருக்கை.

6.12-இல் வரும் ‘யதசித்தேந்த்ரியக்ரிய:’, அதாவது மனம், புலன்களின் செயல்களை அடக்கியவன், வினையெச்சமல்ல, அடைமொழி. அதையும் “அடக்கி” என்று சங்கிலியில் கோக்கலாமா? வாத்தியார் “அடக்கியவனாய்” என்கிறார். எனக்கு இன்னும் மனசு ஒப்பவில்லை.