தராசு நின்ற ஒன்பதாம் நாள்

அஸ்தம்பட்டிக்காரர்:
சென்ற வாரம் சேலத்தில் ஒரு கல்லூரியில் இருபது நிமிடம் பேசினேன். தராசில் நிறுத்து எழுதிப் பாதியில் விடுவதைவிட, ஒரு நாளும் விடாமல் குத்துமதிப்பாக எழுதுவதே மேல் என்பதுதான் பேச்சு. நான் உணவு ஆலோசகர். கலோரிக் கணக்கு எழுதிப் பார்த்தவர்கள் யார் என்று கேட்டதும் பாதிக் கைகள் எழுந்தன. இன்னும் எழுதுகிறவர்கள்? இரண்டே பேர். ஒரு மாணவன் விடுதிச் சாப்பாட்டுக்கூடத்துக்குத் தராசையே கொண்டுபோயிருக்கிறான். ஒன்பதாம் நாள் அதன்மேல் சாம்பார் கொட்டியது, கணக்கும் நின்றது.

அவன் கைப்பேசியை வாங்கிப் பார்த்தேன். ஐந்து நாள்கள், நாளுக்கு 2000 கலோரி, கிராம் பிசகாமல். சனியும் ஞாயிறும் காலி.

"அன்றைக்கெல்லாம் என்ன சாப்பிட்டாய், தம்பி?"

"பிரியாணி, மாலையில் தட்டுவடை செட். எப்படி எழுதுவதென்று தெரியவில்லை, சார்."

எழுதாமல் விடும் நாள் பெரும்பாலும் அதிகம் சாப்பிட்ட நாள்தான். கேட்டுக் கேட்டுக் கூட்டியதில் அந்த நாள்கள் தலா 2800 வந்தன. அப்படியானால் வாரச் சராசரி சுமார் 2230. அவன் நம்பியதோ 2000. அதே வாரத்தை வீட்டுச் சாப்பாடு 2000, வெளிச் சாப்பாடு 3000 என்று கண்ணை மூடிக்கொண்டு போட்டாலும் சுமார் 2290 வருகிறது. ஏறக்குறைய 60தான் கூடுதல்!

இட்லிக்கு 50, ஒரு மேசைக்கரண்டி எண்ணெய்க்கு 120 என்று வைத்துக்கொள்ளச் சொன்னேன். குத்துமதிப்பு சறுக்குவது எண்ணெயில்தான். பொரியலில் ஊறியது கண்ணுக்குத் தெரியாது. அதனால் காலை எடையின் வாரச் சராசரியையும் பார்க்க வேண்டும். எடை குறைய நினைப்பவருக்கு நான்கு வாரமாக அது அசையவில்லை என்றால், தாளில் என்ன எண் இருந்தாலும் உள்ளே போவது அதிகம்.

சூரமங்கலத்து வாசகர்:
செக்கு எண்ணெயில் கலோரி குறைவுதானே? நான் கணக்கில் அதன் கலோரியைப் பாதியாகத்தான் எழுதுகிறேன்.

அஸ்தம்பட்டிக்காரர்:
செக்கானாலும் கிராமுக்கு 9தான், ஐயா. ஆனால் எண்ணெயைத் தனியாக எழுதுகிறீர்களே, அதைப் பலர் செய்வதில்லை.

அம்மாப்பேட்டை அக்கா:
என் மகளுக்கு டைப் 1 சர்க்கரை. வேளாவேளைக்கு மாவுச்சத்தை எண்ணித்தான் இன்சுலின் போடுகிறோம். உங்கள் பேச்சைக் கேட்டுவந்து, "இனி எதையும் எண்ண மாட்டேன்" என்று என்னோடு சண்டை.

அஸ்தம்பட்டிக்காரர்:
அக்கா, நான் சொன்னது அவளுக்குப் பொருந்தாது. மேடையிலேயே சொல்லியிருக்க வேண்டும், தவறு என்னுடையது. மருத்துவர் சொல்லிக்கொடுத்த கணக்கை அவள் விடவே கூடாது.

ஏற்காட்டு மாணவி:
நானும் அங்கே இருந்தேன். தட்டுவடை செட்டுக்கு எவ்வளவு என்று கடைசிவரை நீங்கள் சொல்லவில்லை, சார்.

அஸ்தம்பட்டிக்காரர்:
நான் 200 என்கிறேன், என் மனைவி 350 என்கிறாள். எங்கள் தெருமுனைக் கடைக்காரர் அடுக்கும் உயரத்தைப் பார்த்தால் அவள் பக்கம் சாய வேண்டியிருக்கிறது.