ஸ்டாண்ட்பை பொறுப்பேற்ற பிறகும் ஃபீட் பம்ப் டிரிப் ஆகிறது

ஈரோடு பக்கம் ஒரு ஆலையின் பாய்லருக்கு ஹாட் ஸ்டாண்ட்பையில் இரண்டு பி.எல்.சி. உள்ளன, ஸ்கேன் 60 மில்லி செகண்ட். மூன்று வாரமாக, பிரைமரியை நிறுத்திச் சோதிக்கும்போதெல்லாம் ஸ்டாண்ட்பை சரியாகவே பொறுப்பேற்கிறது. ஆனால் நான்கு ரிமோட் ஐ.ஓ. ரேக்குகளில் மூன்றாவது மட்டும் அவுட்புட்டை விட்டுவிடுகிறது. ஃபீட் பம்ப் ரிலே ‘டக்’கென்று விழுவது பேனலருகே கேட்கிறது.

சிங்க் ஃபைபரை மாற்றியாயிற்று. இரண்டு சி.பி.யு.விலும் ஒரே ஃபர்ம்வேர்தான். அந்த ரேக்கின் வாட்ச்டாகை 100-லிருந்து 300 மில்லி செகண்டாக்கியும் பலனில்லை. இன்னும் கூட்டினால், தொடர்பு நிஜமாகவே அறும்போது பம்ப் அவ்வளவு நேரம் கட்டுப்பாடில்லாமல் ஓடும், அதனால் கூட்ட மனமில்லை.

பொறுப்பு மாறும் அந்தக் கணத்தில் மூன்றாவது ரேக்குக்குத் தகவல் எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதை எந்த இடத்தில், எதை வைத்து அளப்பது?