பொருள்: டிஸ்லெக்ஸியா உள்ளவர்களுக்காக மாற்றி எழுதுவதை எப்படிச் சொல்லலாம்?

உசிலம்பட்டி ஆசிரியை:
அனைவருக்கும் வணக்கம். டிஸ்லெக்ஸியா என்னும் வாசிப்புச் சிரமம் உள்ள பிள்ளைகளுக்காகப் பாடத்தைச் சின்னச் சொற்களில், நேரான வாக்கியங்களில் மாற்றி எழுதுகிறோம். இந்த வேலைக்கு ஒரு பெயர் வேண்டும். ‘எளிநடையாக்கம்’ என்று வைக்கலாமா?

தல்லாகுளம் மொழிபெயர்ப்பாளர்:
‘சுருக்கம்’ என்ற சொல் ஏற்கெனவே இருக்கிறதே டீச்சர். நீளம் குறைந்தால் வாசிப்பதும் சுலபம்தானே?

உசிலம்பட்டி ஆசிரியை:
சொல்லின் நீளம் குறைய வேண்டும் என்பது சரிதான் ஐயா. ஆனால் பாடத்தின் நீளம் பெரும்பாலும் கூடிவிடும். போன வாரம் இந்த வாக்கியத்தை எடுத்தேன்:

“ஆண்டிபட்டிக்கருகே 1959இல் கட்டிமுடிக்கப்பட்ட வைகையணையிலிருந்து திறந்துவிடப்படும் தண்ணீரை மதுரைமாவட்ட உழவர்கள் பாசனத்திற்குப் பயன்படுத்துகின்றனர்.”

பத்தே சொற்கள்தான். ஆனால் ‘கட்டிமுடிக்கப்பட்ட’ என்பதில் மட்டும் 11 எழுத்துகள். எழுத்தெழுத்தாகக் கூட்டும் பிள்ளை கடைசி எழுத்துக்கு வருவதற்குள் முதல் பாதியை மறந்துவிடுகிறான். அதோடு இரண்டு பெயரெச்சங்களைச் சுமந்துகொண்டு, என்ன நடக்கிறது என்று தெரிய வாக்கியத்தின் கடைசிச் சொல் வரை போக வேண்டியிருக்கிறது. மாற்றி எழுதியது:

“வைகை அணை ஆண்டிபட்டி அருகே உள்ளது. அதை 1959இல் கட்டி முடித்தார்கள். அணையில் இருந்து தண்ணீர் விடுவார்கள். அந்தத் தண்ணீர் மதுரை மாவட்ட வயல்களுக்கு வரும்.”

இப்போது 19 சொற்கள். இதைச் சுருக்கம் என்று சொன்னால், எழுதுபவர் ஏதோ ஒரு செய்தியை வெட்டிவிடுவார்.

மேலூர் தாய்:
என் மகனுக்கு ன, ண, ந மூன்றும் குழம்புகின்றன. எந்த எழுத்துரு போடலாம் அக்கா?

உசிலம்பட்டி ஆசிரியை:
எழுத்தைப் பெரிதாக்கி, வரிகளுக்கு நடுவே இடம் விட்டுப் பாருங்கள் அம்மா. அது பக்க அமைப்பு. நாங்கள் இங்கே பேசுவது நடையைப் பற்றி. இரண்டும் சேர்ந்தே அவனுக்கு வேண்டியிருக்கலாம்.

திருமங்கலம் நிரலாளர்:
புணர்ச்சியைப் பிரித்தால் போதாதா? ‘சொற்பிரிப்பு’ என்று வைத்தால் நிரலிலும் எளிது.

உசிலம்பட்டி ஆசிரியை:
‘வைகையணையிலிருந்து’ பிரித்தால் தெளிகிறது தம்பி. ஆனால் ‘பாசனம்’ தெரியாத பிள்ளைக்கு அதைப் பிரித்து என்ன பயன்? அங்கே சொல்லையே மாற்ற வேண்டும். நீள வாக்கியத்தைப் பல வாக்கியங்களாக வெட்டும்போது இன்னொரு சிக்கலும் வரும். என் இரண்டாம் வாக்கியத்தில் ‘அதை’ என்றேன். ஒரு சிறுமி அது ஆண்டிபட்டி என்று நினைத்துவிட்டாள். ‘அணையை’ என்று திருத்தினேன். முதலில் அவள் தடுமாறாமல்தான் வாசித்தாள். கேள்வி கேட்டபோதுதான் பிழை தெரிந்தது. அதனால் வாசிக்க வைத்த பிறகு, சொந்த வார்த்தையில் சொல்லச் சொல்வேன்.

தல்லாகுளம் மொழிபெயர்ப்பாளர்:
சுருக்கத்தை விட்டுவிடுகிறேன். ஆனால் உழவர்களைக் காணோமே! உங்கள் வாக்கியத்தில் தண்ணீர் தானாக வயலுக்கு வருகிறது.

உசிலம்பட்டி ஆசிரியை:
உண்மைதான் ஐயா, விட்டுவிட்டேன். “உழவர்கள் அதைப் பயிருக்குப் பாய்ச்சுவார்கள்” என்று சேர்க்கிறேன். இல்லை, ‘அந்தத் தண்ணீரை’ என்றே எழுதுகிறேன். இந்தப் பிள்ளைகளுக்குக் கருத்தைக் குறைத்துக் கொடுக்கக் கூடாது. பெயரில் ‘நடை’ வேண்டும் என்று நான் நிற்பது அதனால்தான்.

திருமங்கலம் நிரலாளர்:
சரி அக்கா. ஆனால் ‘எளிநடையாக்கம்’ என்பதே ஒட்டிய சொல், 8 எழுத்து. நிரலின் பொத்தானில் அதை அந்தப் பிள்ளைகள்தானே வாசிக்கப் போகிறார்கள்?

உசிலம்பட்டி ஆசிரியை:
பொத்தானில் ‘எளிய நடை’ என்று போடுங்கள். கட்டுரைகளில் எழுத ‘எளிநடையாக்கம்’ இருக்கட்டும். இரண்டு பெயர் இருக்கலாமா என்று மற்றவர்களும் சொல்லுங்கள்.