இப்பில் இப்பில் குழை: ஆட்டுக்கு ஒரு கணக்கு, மாட்டுக்கு ஒரு கணக்கா?

வவுணதீவு_பட்டி: கோடையில புல்லெல்லாம் கருகிட்டு. 12 ஆட்டுக்கும் ரெண்டு நேரமும் வேலியில நிற்கிற இப்பில் இப்பில் குழைதான் வெட்டிப் போடுறன். ரெண்டு ஆட்டுக்கு வால் மயிரும் முதுகு மயிரும் கையால பிடிச்சா கொத்தாக வருது. 2 மாடும் நிக்குது. ஒரு நாளைக்கு எத்தனை கிலோ போடலாம்?

பாலமுனை_நானா: மயிர் கொட்டுறது சொறி வாப்பா. சொறிக்கு ஊசி போடுங்க, குழையில பிழை இல்ல.

களப்படி: நானா, சொறி என்றால் ஆடு சும்மா நிற்காது. தூணில், வேலியில் உரசிக்கொண்டே இருக்கும், தோல் தடித்துப் பொருக்குத் தட்டும். மயிர் உதிர்ந்த இடத்தைத் தடவிப் பாருங்கள். தோல் வழவழப்பாக இருந்து, அரிப்பும் இல்லாமல், பக்கத்து மயிரும் இழுத்தவுடன் வந்தால் அது இந்தக் குழையில் உள்ள மைமோசின் என்ற நஞ்சின் வேலை. அந்த நஞ்சு மயிர்க்காலில் செல் பிரிவதையே நிறுத்திவிடுகிறது. கூடவே எச்சில் வடிகிறதா, தீனி குறைந்துவிட்டதா என்றும் கவனியுங்கள். உதிர்ந்த ரெண்டுக்கும் இன்றைக்கே இந்தக் குழையை நிறுத்துங்கள். நிறுத்தினால் மயிர் திரும்ப முளைக்கும்.

வயலோரம்: இதுக்கு இவ்வளவு பயம் தேவையில்ல. மொத்தத் தீனியில் 30 வீதத்துக்கு மேல் போகாதீங்க, ஆட்டுக்கும் மாட்டுக்கும் அதுதான் அளவு. மிச்சத்துக்கு வைக்கோல். குழையை ஒரு நாள் வெயிலில் வாட்டிப் போட்டால் நஞ்சும் போயிடும்.

களப்படி: 30 வீதம் மாட்டுக்குச் சரியாக வரும், ஆட்டுக்கு வராது. கணக்குப் போட்டுப் பாருங்கள், தம்பி.

பழக்கமில்லாத மாட்டுக்கும் ஆட்டுக்கும் உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.18 கிராம் மைமோசின் வரை தாங்கும் என்று வைத்துக் கணக்கிடுவார்கள். செம்மறிக்கு இன்னும் குறைவு, 0.14. முற்றிய குழையின் காய்ந்த எடையில் 2 முதல் 3 வீதம் மைமோசின் இருக்கும். நடுவாக 2.5 என்று எடுப்போம்.

250 கிலோ மாடு 45 கிராம் மைமோசின் தாங்கும். அது 1.8 கிலோ காய்ந்த குழையில் இருக்கும், பச்சையாக ஏறத்தாழ 6 கிலோ. அந்த மாடு நாளைக்குத் தின்னும் காய்ந்த தீனி 6 கிலோவுக்குச் சற்று மேலே. ஆக, உங்கள் 30 வீதத்துக்குக் கிட்ட வந்து நிற்கிறது.

இப்போது 25 கிலோ ஆட்டைப் பாருங்கள். அது தாங்குவது 4.5 கிராம். அதாவது 180 கிராம் காய்ந்த குழை, பச்சையாக 600 கிராம். ஆனால் ஆடு தன் எடைக்கு மாட்டைவிடக் கூடுதலாகத் தின்னும், காய்ந்த கணக்கில் நாளைக்கு 875 கிராம் வரை. அதில் 180 கிராம் என்பது 20 வீதம்தான். 30 வீதம் போட்டால் 6.5 கிராம் மைமோசின் உள்ளே போகும், எல்லையை ஒன்றரை மடங்கு தாண்டிவிடும்.

வயலோரம்: சரி, ஆட்டுக்கு 20 என்றே வைப்போம். வாட்டுறதைப் பற்றி ஒண்டும் சொல்லல்லையே?

களப்படி: அது பாதி உண்மை. குழையை நறுக்கி வாடவிட்டால் அதிலேயே உள்ள நொதி மைமோசினை உடைக்கும், மயிர் கொட்டுவதும் குறையும். ஆனால் உடைந்து வருவது டி.எச்.பி. என்ற வேறொரு பொருள். ஆட்டின் பெரிய வயிற்றுக்குள்ளும் இதுதான் நடக்கிறது. டி.எச்.பி. தைரொய்ட் சுரப்பியைப் பிடிக்கும். மயிர் கொட்டாது, ஆனால் வாரக்கணக்கில் ஆடு மெலியும், கழுத்தில் கழலை தட்டும். மயிர் கொட்டாததை வைத்து நஞ்சு இல்லை என்று நம்புவதுதான் இங்கே பெரிய ஏமாற்று.

பாலமுனை_நானா: கழலைக்கு அயடீன் உப்பு நக்கக் குடுத்தா முடிஞ்சுது.

களப்படி: கழலை என்றதும் எல்லாருக்கும் அதுதான் தோன்றும். இது அயடீன் பற்றாக்குறையால் வருகிற கழலை இல்லை. அயடீனைச் சேர்த்து ஹோர்மோன் ஆக்கும் வேலையையே டி.எச்.பி. தடுக்கிறது. உப்பை எவ்வளவு நக்கினாலும் அந்தத் தடை நீங்காது.

வந்தாறுமூலை_22: மன்னிக்கணும், நீங்க ரெண்டு பேரும் பழைய எல்லையைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறீங்க. ஹவாய் ஆடுகள் இதையே தின்று ஒன்றும் ஆகாமல் இருப்பதைப் பார்த்துத்தானே அவுஸ்திரேலிய ஆய்வாளர் ரேமண்ட் ஜோன்ஸ் ஆராய்ந்தார்? அவற்றின் வயிற்றில் டி.எச்.பி.யையே தின்கிற பற்றீரியா இருந்தது. அதை 1980களில் அவுஸ்திரேலிய மாடுகளுக்கும் மாற்றினார்கள். 1992இல் சினர்ஜிஸ்டெஸ் ஜோன்சி என்று பேரும் வைத்தார்கள். இந்த மரம் தலைமுறையாக நிற்கிற ஊரில் அந்தப் பற்றீரியா இல்லாமலா இருக்கும்?

களப்படி: இருக்கலாம். ஆனால் இவருடைய ஆட்டில் மயிர் கொட்டுகிறது. டி.எச்.பி.யைத் தின்கிற பற்றீரியா இருக்கட்டும், மைமோசினை உடைக்கிற முதல் படியே அந்த வயிற்றில் தீனியின் வேகத்துக்கு ஓடவில்லை என்றுதான் எனக்குப் படுகிறது. பசியோடு நின்ற ஆட்டுக்குத் திடீரென்று இதை மட்டும் போட்டால் அப்படித்தான் நடக்கும். இரண்டு மூன்று வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினால் வயிறு பழகும்.

வந்தாறுமூலை_22: அதை ஏற்கிறன். ஆனால் பழகின பட்டிக்கும் 20 வீதம் என்று கட்டிப்போட்டால் கோடையில் ஆடு பட்டினிதான். இந்தக் குழையில் 20 வீதத்துக்கு மேல் புரதம், வைக்கோலில் 4 வீதம் அளவில்தான். மூத்திரத்தில் பெரிக் குளோரைட்டு கரைசல் விட்டுப் பார்த்தால் தெரியும். டி.எச்.பி. இருந்தால் நிறம் ஊதாவாகக் கருக்கும். கருக்காவிட்டால் ஆடு சமாளிக்கிறது, அளவைக் கூட்டலாம்.

களப்படி: சோதனை நல்லதுதான், மிருக வைத்தியரிடம் கேட்டுப் பார்க்கலாம். கருத்தால் குறைக்க வேண்டும் என்பதில் சண்டையில்லை. கருக்காதபோது எவ்வளவு கூட்டுவது என்பதில்தான் நான் உங்களோடு இல்லை. சினை ஆட்டுக்கு எப்படியும் கூட்ட மாட்டேன். குறை மாதத்தில் போடும், இல்லாவிட்டால் குட்டி கழலையோடு பிறக்கும்.

வவுணதீவு_பட்டி: தோல் வழவழப்பாகத்தான் இருக்கு அண்ணே, அரிப்பும் இல்ல. 600 கிராமை எப்படி நிறுக்கிற? நான் கொப்போட கட்டித் தொங்கவிடுறன்.

களப்படி: கட்டும்போது தொங்கு தராசில் நிறுங்கள். தின்று முடித்தபின் மிஞ்சிய தடியை நிறுங்கள். வித்தியாசம்தான் வயிற்றுக்குள் போனது. 12 ஆட்டில் ரெண்டை ஒதுக்கினால் 10 ஆட்டுக்கு 6 கிலோ, ஒவ்வொன்றும் 25 கிலோ இருந்தால். அதையும் காலையில் பாதி, பின்னேரம் பாதியாகப் பிரித்து, வேறு தீனி தின்ற பிறகு போடுங்கள். முரட்டு ஆடு மற்றதன் பங்கையும் தின்னும், ஆகவே ஒரே இடத்தில் கட்டாமல் நாலைந்து இடத்தில் தொங்கவிடுங்கள். மிச்சத் தீனிக்குப் பூவரசு, பலா இலை, சீமைக்கிளுவை. சீமைக்கிளுவையின் மணத்துக்கு ஆடு முதலில் முகம் திருப்பும், அரை நாள் வாடவிட்டால் தின்னும். மாட்டுக்கு ஒன்றுக்கு 6 கிலோவரை, வைக்கோலோடு.

இந்தக் கணக்கு முற்றிய குழைக்கு மட்டும். மாரி மழை விழுந்து கொழுந்து தள்ளும்போது இதே அளவைப் போட்டுவிடாதீர்கள். நுனிக் கொழுந்தில் மைமோசின் 8 வீதமும் அதற்கு மேலும் போகும். 25 கிலோ ஆட்டின் எல்லை அப்போது ஏறத்தாழ 225 கிராம் பச்சைக் கொழுந்து, ரெண்டு கைப்பிடி.

பாலமுனை_நானா: அப்ப முயலுக்கும் கோழிக்கும் காயவெச்சு அரைச்சுப் போடுறனே, அது?

களப்படி: அசை போடாததுக்கு இந்தக் கணக்கு எதுவும் பொருந்தாது நானா. தீனியில் 5 வீதத்தைத் தாண்டாதீர்கள்.

வந்தாறுமூலை_22: @வவுணதீவு_பட்டி, ஒதுக்கின ரெண்டும் மற்ற ஆடுகளும் ஒரே நேரத்திலதான் இந்தக் குழையைத் தின்னத் துவங்கினதா? பட்டிக்குப் புதுசாக வாங்கி வந்த ஆடு என்றால் என் பக்கம் இன்னும் ஒரு நியாயம் இருக்கு.

வவுணதீவு_பட்டி: ஓம், ரெண்டும் போன மாதம் வாங்கினது. மற்றதெல்லாம் இங்கேயே பிறந்தது.