அம்மா பெயரில் அறக்கட்டளை: 'அமரர் திருமதி' வேண்டுமா, 'தையலக்கா' போதுமா?

மயிலாடுதுறை வாசகி

அம்மா போய் வருகிற மாசியோடு இரண்டு வருஷம். பெயர் தையல்நாயகி. வைத்தீஸ்வரன்கோயில் அம்மன் பெயர், எங்கள் பக்கம் தெருவுக்கு ஒருவராவது இருப்பார்கள். தையல் மெஷினில் உட்கார்ந்தே எங்கள் மூன்று பேரையும் வளர்த்தார். அதனால் ஊருக்கெல்லாம் 'தையலக்கா'.

அளவு எழுதுகிற நோட்டின் கடைசிப் பக்கங்களில் வேறொரு கணக்கு இருந்தது. 'மூணாம் வீட்டுப் பொண்ணு, பரீட்சை பீஸ், 150' என்கிற மாதிரி வரிசையாக. எதிலும் திரும்பி வந்ததாகக் குறி இல்லை. அந்தக் கணக்கைத் தொடர்வதற்குத்தான் அறக்கட்டளை. பிளஸ் டூ முடிக்கிற பெண்களுக்கு விண்ணப்பக் கட்டணம், ஹாஸ்டல் முன்பணம், இவ்வளவுதான் நோக்கம்.

பெயரில்தான் நின்றுவிட்டோம். அண்ணன் ஒரு பத்திரிகையின் பின்பக்கத்தில் எழுதிக் கொடுத்தது: 'அமரர் திருமதி தையல்நாயகி அம்மாள் நினைவு கல்வி மற்றும் சமூக நல அறக்கட்டளை'. அவர் மகள் எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, "அமரர்ங்கிறது ஊர் பேராப்பா?" என்றாள். எனக்கோ 'தையல்' என்று ஒற்றைச் சொல்லாக வைக்க ஆசை. அந்தச் சொல்லுக்குப் பெண் என்றும் பொருள். அம்மா பெயரின் பாதி, அவர் தொழிலும்கூட.

ஆசைப்பட்டதோடு நிற்காமல் 'தையல்' என்று போட்டு ஒரு நோட்டீஸ் அடித்து இரண்டு பள்ளிகளில் ஒட்டினோம். ஏழு போன் வந்தது. அதில் ஐந்து, "தையல் கிளாஸ் எப்போ ஆரம்பிக்குது?"

இதே மாதிரி அப்பா, அம்மா பெயரில் ஆரம்பித்தவர்கள் எப்படி முடிவு செய்தீர்கள்?

திருச்சிக்காரர்

அப்பா திதிக்கு எங்கள் ஊர்க் கோயிலில் வருஷா வருஷம் அன்னதானம் என்று பணம் கட்டி வைத்திருக்கிறோம். பலகையில் பெயர் போடுகிறார்கள். உங்களுக்கும் அது சுலபம். பெயர்ப் பிரச்சினையே வராது.

மயிலாடுதுறை வாசகி

நல்ல காரியம்தான் ஐயா. ஆனால் எங்களுடையது வருஷத்தில் ஒரு நாளோடு முடிகிற வேலை இல்லை. விண்ணப்பம் வாங்கி, ஆள் பார்த்து, மற்றவர்களிடமும் பணம் திரட்டிக் கொடுக்க வேண்டும்.

சென்னை, ஐ.டி. வேலை

நான் களவாக்கத்தில் எஸ்.எஸ்.என். கல்லூரியில் படித்தவன். அந்த மூன்று எழுத்து ஸ்ரீ சிவசுப்பிரமணிய நாடார், ஷிவ் நாடாரின் அப்பா பெயர் என்பது எனக்கு இரண்டாம் வருஷத்தில்தான் தெரியும். 1996இல் அவர் நினைவாகத் தொடங்கியது. கோவை பி.எஸ்.ஜி.யும் அப்படித்தான், கோவிந்தசாமி நாயுடுவின் பெயர். 1926இல் அவருடைய நான்கு மகன்கள் தொடங்கிய அறக்கட்டளை. பெயரை நீளமாக வைத்தால் சனங்கள் எழுத்தாகச் சுருக்கிவிடுவார்கள். எழுத்து நிற்கும், ஆள் மறைந்துவிடுவார். உங்கள் அண்ணன் எழுதிக் கொடுத்த பெயரைச் சுருக்கிப் பாருங்கள், வாயில் நுழையாது. சுருக்கத்தை நீங்களே முதலில் சொல்லிக் கொடுத்துவிடுங்கள்.

அப்புறம் ஒன்று. கம்பெனி மாதிரிதான், அதே பெயரில் வேறு டிரஸ்ட் இருந்தால் சார்பதிவாளர் பதிய மாட்டார். முதலில் தேடிப் பாருங்கள்.

பத்திர எழுத்தர், கும்பகோணம்

தம்பி சொன்னதில் முதல் பாதி சரி. இரண்டாவது சரியில்லை. பெயர் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது கம்பெனிக்கும் சங்கத்துக்கும். அறக்கட்டளைக்குச் சார்பதிவாளர் பதிவது பத்திரத்தை, பெயரை அல்ல. ஒரே பெயரில் நாலு டிரஸ்ட் இருக்கலாம். ஆனாலும் தேடிப் பார்ப்பது நல்லதுதான், பணம் மாறிப் போகாமல் இருக்க. அரசு நடத்துவது போல் தோன்றும் பெயர் மட்டும் வேண்டாம். அதற்கு 1950ஆம் வருஷச் சட்டமே இருக்கிறது.

அம்மா, நீங்கள் இரண்டு வேலையை ஒரே பெயரின் தலையில் ஏற்றுகிறீர்கள். அம்மாவுக்கு மரியாதை செய்வது ஒன்று. பதினேழு வயதுப் பெண் தயங்காமல் கூப்பிடுவது இன்னொன்று. மரியாதைக்குப் பத்திரத்தில் முகவுரை இருக்கிறது. அமரர், திருமதி, அவர் என்ன தொழில் செய்தார், யாருக்குக் கொடுத்தார் எல்லாவற்றையும் அங்கே எழுதுங்கள். அந்த நோட்டைப் பற்றியும் எழுதலாம். பதிவான பத்திரம் நிலைத்து நிற்கும். பெயர் மூன்று சொல்லுக்குள் இருக்கட்டும்.

பெயரில் 'கல்வி' போடலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். என்ன செய்யலாம், செய்யக்கூடாது என்பதை முடிவு செய்வது நோக்கப் பிரிவு. ஆனால் நாளைக்கு மருத்துவ உதவியும் செய்ய நினைத்தால், பெயரில் 'கல்வி' இருப்பதைப் பார்த்து ஆட்கள் கேள்வி கேட்பார்கள்.

எல்லாவற்றையும்விட இங்கிலீஷ் எழுத்து முக்கியம். பத்திரம் தமிழில், பான் கார்டு இங்கிலீஷில். பத்திரத்தில் இங்கிலீஷ் வடிவம் இல்லையென்றால் பானுக்கு ஒருவர் Ninaivu Arakkattalai என்று எழுதுவார், வங்கியில் ஒருவர் Memorial Trust என்று எழுதுவார். பெயர் பொருந்தவில்லை என்று கணக்குத் திறப்பது நின்றுவிடும். பெயர்ப் பிரிவிலேயே தமிழும் இங்கிலீஷும் அடுத்தடுத்து எழுதிவிடுங்கள். பிறகு மாற்றுவதென்றால் திருத்தப் பத்திரம் போட்டு, பான், வங்கி, வருமான வரி என்று ஒவ்வொன்றாக ஏறி இறங்க வேண்டும். திருத்தும் அதிகாரத்தையே எழுதாமல் விட்டவர்கள் கோர்ட்டு வரை போனதைப் பார்த்திருக்கிறேன்.

சேலத்து ஆசிரியை

எங்கள் அப்பா டிரஸ்ட்டில் நான் பட்டது. போஸ்டரில் செல்லமாக ஒரு சின்னப் பெயர், கீழே க்யூஆர். ஸ்கேன் செய்தால் திரையில் வருவது வங்கியில் இருக்கிற முழுப் பெயர். வேறு யாருக்கோ போகிறது என்று பயந்து பாதிப் பேர் பணம் போடாமல் நிறுத்திவிட்டார்கள். இப்போது க்யூஆருக்குப் பக்கத்திலேயே 'ஸ்கேன் செய்தால் இந்தப் பெயர் வரும்' என்று அச்சடிக்கிறோம். ரசீதிலும் முழுப் பெயர்தான். செக் சின்னப் பெயருக்கு வந்தால் திருப்பி அனுப்பி மாற்றி வாங்குகிறோம்.

இன்னொன்றையும் சொல்கிறேன். அப்பா பெயருக்குப் பின்னால் இருந்த சாதியை நாங்கள் எடுத்துவிட்டோம். எல்லா வீட்டுப் பிள்ளைகளும் வர வேண்டும் என்பதற்காக. சித்தப்பா அன்றிலிருந்து பேசுவதில்லை. அப்பா உயிரோடு இருந்தவரை அந்தப் பெயரோடுதான் கையெழுத்துப் போட்டார், அதை எடுக்க நீ யார் என்கிறார். அவருக்குச் சொல்ல இன்றுவரை என்னிடம் பதில் இல்லை.

மயிலாடுதுறை வாசகி

ஒரு வாரம் கழித்து எழுதுகிறேன். பத்திரத்தில் 'தையல்நாயகி அறக்கட்டளை'. நோட்டீஸிலும் போனிலும் 'தையலக்கா படிப்பு உதவி', படிப்பு என்பது பெரிய எழுத்தில். பழைய நோட்டீஸைக் கிழித்துவிட்டுப் புதியதை ஒட்டினோம். இதுவரை வந்த நான்கு போனில் தையல் கிளாஸ் கேட்டது ஒருவர்தான். ஒரு பெண், "தையலக்காகிட்ட பேசணும்" என்றாள். யார் என்று விளக்க எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது.

அண்ணனுக்கு முகவுரையை வாட்ஸப்பில் அனுப்பினேன். 'அமரர் திருமதி' அதில் இருக்கிறது. 150 ரூபாய் வரியையும் சேர்க்கச் சொன்னார். பெயரைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

இங்கிலீஷ் எழுத்து இன்னும் முடிவாகவில்லை. ஆதாரில் Thaiyalnayagi, இறப்புச் சான்றிதழில் Thayalnayaki. அம்மா தமிழில்தான் கையெழுத்துப் போடுவார். எதை எடுப்பது ஐயா?

பத்திர எழுத்தர், கும்பகோணம்

டிரஸ்ட் தனி, அம்மாவின் அட்டை தனி. அட்டையில் உள்ளபடியே இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. விண்ணப்பிக்கிற பெண்கள் நாலு பேரிடம் பெயரைச் சொல்லி, போனில் டைப் பண்ணச் சொல்லுங்கள். அதிகம் பேர் எப்படி அடிக்கிறார்களோ அதை எழுதி அனுப்புங்கள். வெள்ளிக்கிழமைக்குள் வந்தால் முத்திரைத்தாள் வாங்கிவிடலாம்.