கொட்டேஷன் தேதி முடியப்போகிறது, எப்படிக் கேட்பது?

வணக்கம். எங்கள் மில்லுக்கு 400 மீட்டர் காப்பர் கேபிள் வாங்க வேண்டும். வந்த மூன்று கொட்டேஷனில் குறைந்த விலை 15ஆம் தேதி வரைதான் செல்லும். எங்கள் பட்ஜெட் கமிட்டி கூடுவதோ 24ஆம் தேதி. அப்புறம் பி.ஓ. போட இரண்டு நாள். சப்ளையருக்குப் போன் செய்தேன். "காப்பர் விலை தினமும் மாறுது சார், மெயில்ல கேளுங்க, பார்க்கலாம்" என்றார். நியாயம்தான்.

இப்படி எழுதி வைத்திருக்கிறேன்: "தங்கள் கொட்டேஷனில் உள்ள விலையையும் டெலிவரி நிபந்தனைகளையும் மாற்றாமல் 30ஆம் தேதி வரை நீட்டித்து, எழுத்தில் உறுதிசெய்யக் கேட்டுக்கொள்கிறோம். இது ஆர்டர் அல்ல."

கடைசி வரி அவரைப் பின்வாங்க வைக்குமா? எடுத்துவிட்டால் ஆர்டர் உறுதி என்று நினைத்துக்கொள்வாரோ என்றும் பயம். மறுத்தால், காப்பர் ஏறிய அளவுக்கு மட்டும் கூட்டிக்கொள்ளுங்கள் என்று இறங்கிப் போகலாமா? பர்ச்சேஸில் இருப்பவர்கள் சொல்லுங்கள்.